வெயில் கொளுத்தும் நாளிலும் புகைமூட்டமா? ஓசோன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகைமூட்டம் என்றால் மார்கழிப் பனியில் வருவதுதானே? கோடையில் வருவது என்ன, வேறு ஒன்றா?

வேறு ஒன்றுதான். பார்க்க இரண்டும் மங்கலாக இருப்பதால் ஒரே பெயரில் அழைக்கிறோம். ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு வேறு, உண்டாகும் விதம் வேறு, உச்சமடையும் நேரமும் வேறு.

குளிர்கால மூட்டத்துக்கு 1952 டிசம்பர் லண்டனைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். டிசம்பர் 5 முதல் 9 வரை காற்று அசையவே இல்லை. குளிருக்காக வீடுதோறும் நிலக்கரி எரித்தார்கள். நகருக்குள்ளேயே அனல்மின் நிலையங்களும் இருந்தன. கரித்தூளும் சல்பர் டை ஆக்சைடும் மூடுபனித் துளிகளோடு கலந்து, சுவாசிக்கும் காற்றே அமிலமாகிப்போனது. அந்த நாட்களிலும் அதை அடுத்த வாரங்களிலும் சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. இங்கே கவனிக்க வேண்டியது, நஞ்சு புகைபோக்கியிலிருந்து நேராக வந்தது என்பதுதான். புகை வந்தது, தங்கியது, கொன்றது.

கோடை மூட்டத்துக்கு எடுத்துக்காட்டு லாஸ் ஏஞ்சலஸ். அங்கே கண்ணை எரித்த காற்றில் கரித்தூளும் சல்பரும் முக்கியமே இல்லை. முக்கியமான நஞ்சான ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் வரவில்லை. வெயில் ஏற ஏற, காற்றுக்குள்ளேயே அது சமைக்கப்பட்டது. அதனால்தான் இதற்கு ஒளிவேதிப் புகைமூட்டம் என்று பெயர்.

இரண்டுக்கும் காற்று தேங்கி நிற்க வேண்டும் என்கிறார்கள். கோடையில் சூடான காற்று மேலே போய்விடாதா?

நியாயமான கேள்வி. தரை சூடானால் காற்று மேலெழும், அழுக்கும் கலைந்துபோக வேண்டும். லண்டன் மாதிரியான இடத்தில் அதுதான் நடக்கும். அங்கே இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி அடியில் படுத்துக்கொள்கிறது. அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துவிடுகிறது. நல்ல வெயில் அடித்தால் இந்த மூடி உடைந்துவிடும். 1952இல் மூடுபனி தடித்துப்போய் அந்த வெயிலையும் தடுத்துவிட்டது.

லாஸ் ஏஞ்சலஸின் மூடி மேலிருந்து வருவது. கோடையில் பசிபிக் கடல்மேல் பெரிய உயரழுத்த மண்டலம் ஒன்று நிலைகொள்கிறது. அதில் காற்று மெல்லக் கீழே இறங்குகிறது. இறங்கும்போது அழுந்திச் சூடாகிறது. அடியில் இருப்பதோ குளிர்ந்த கடலை ஒட்டி வந்த குளிர்காற்று. ஆகவே தரைக்குச் சில நூறு மீட்டர் உயரத்திலேயே சூடான காற்றுப் படலம் பரந்து கிடக்கும். சாதாரண வெயிலால் அதை எளிதில் உடைக்க முடியாது. வடக்கிலும் கிழக்கிலும் மலைகள் வேறு. கடற்காற்று அழுக்கை உள்ளே தள்ளுகிறது, மலை தடுக்கிறது, மேலே மூடி. ஓசோன் சமைக்க இதைவிட நல்ல பாத்திரம் கிடைக்காது.

ஓசோன்தான் காரணம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

தப்பாகத்தான் தொடங்கினார்கள். 1943 ஜூலையில் ஒருநாள் லாஸ் ஏஞ்சலஸ் நடுநகரில் மூட்டம் கவிந்து, எல்லோருக்கும் கண் எரிந்து நீர் வழிந்தது. போர்க்காலம் என்பதால் ஜப்பானியர் வாயுத் தாக்குதல் நடத்திவிட்டார்களோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். பிறகு செயற்கை ரப்பருக்கான பியூட்டாடையீன் தயாரித்த ஓர் ஆலை மேல் பழி விழுந்தது. ஆலையை நிறுத்திப் பார்த்தார்கள், மூட்டம் நிற்கவில்லை. அடுத்து, மற்ற நிலக்கரி நகரங்களின் அனுபவத்தை வைத்து, சல்பர் டை ஆக்சைடைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று நம்பினார்கள். அதுவும் பலிக்கவில்லை.

துப்பு கிடைத்தது செடிகளிடமிருந்து. சுற்றுவட்டாரத்துக் கீரை, லெட்யூஸ் இலைகள் வெளிறி, வெண்கல நிறப் பூச்சு ஏறியது. சல்பர் டை ஆக்சைடு தரும் பாதிப்பு இப்படி இருக்காது. அருகிலிருந்த கால்டெக் பல்கலைக்கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்கார உயிர்வேதியியலாளர், அதே முறையில் நகரத்துக் காற்றைக் குளிர்வித்து வடித்துப் பார்த்தார். பெட்ரோலிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன்கள் பாதி ஆக்சிஜனேற்றம் அடைந்த நிலையில் சிக்கின. பிறகு ஹைட்ரோகார்பன் ஆவியையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் கலந்து வெயிலில் வைத்தபோது ஓசோன் பிறந்தது. செடிகளும் அதே மாதிரி வெளிறின. வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டை அந்தக் காற்றில் வைத்தால் வெடிப்பு விட்டது. வெடிக்க எடுக்கும் நேரத்தை வைத்தே ஓசோன் அளவை மதிப்பிட்டார்கள். அந்த ஊரில் டயர்கள் சீக்கிரம் வெடிப்பு விடுவது ஏன் என்பதற்கும் அதிலேயே பதில் கிடைத்தது.

எண்ணெய்த் தொழில் தரப்பு இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் வாதாடியது. கடைசியில் அவர் சொன்னதே நின்றது.

வண்டிகளிலிருந்து ஓசோன் வருவதில்லை என்றால் அது எங்கிருந்து வருகிறது?

இங்கே கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கணக்கில்தான் விஷயமே இருக்கிறது.

இன்ஜினுக்குள் சூடு அதிகம் என்பதால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து பெரும்பாலும் நைட்ரிக் ஆக்சைடாகவும் (NO), கொஞ்சம் நைட்ரஜன் டை ஆக்சைடாகவும் (NO2) வெளிவருகின்றன. பகலில் நடப்பது இது:

```
NO2 + ஒளி → NO + O
O + O2 → O3
O3 + NO → NO2 + O2
```

முதல் இரண்டு வரியில் ஓசோன் பிறக்கிறது. மூன்றாவது வரியில் அதே நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனைத் தின்றுவிடுகிறது. வட்டம் மூடிவிட்டது, லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இந்த மூன்றும் சமநிலைக்கு வரும்போது, நடுப்பகல் வெயிலில் ஓசோன் அளவு ஏறத்தாழ இப்படி அமையும்:

```
O3 ≈ 20 × (NO2 / NO)     (பிபிபி அளவில்)
```

பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. இப்போது காலை நெரிசல் முடிந்த ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம். காற்றில் 90 பிபிபி நைட்ரிக் ஆக்சைடு, 10 பிபிபி நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன் பூஜ்யம். மேலே உள்ள வட்டம் மட்டும் சுற்றினால் எவ்வளவு ஓசோன் வரும்? கணக்குப் போட்டால் 2 பிபிபிகூடத் தேறாது. சரி, நூறுமே நைட்ரஜன் டை ஆக்சைடாக இருந்தால்? அப்போதும் சுமார் 36 பிபிபிதான். 1950களின் லாஸ் ஏஞ்சலஸிலோ மோசமான நாட்களில் 500 பிபிபியைத் தாண்டியது. ஆக இந்த மூன்று வரி போதாது. இன்னொரு ஆள் உள்ளே இருந்தாக வேண்டும்.

அந்த ஆள்தான் ஹைட்ரோகார்பன். எரியாத பெட்ரோல், பெயின்ட் கரைப்பான், மரங்கள் விடும் ஆவி எல்லாம் இதில் அடக்கம். பகல் காற்றில் ஹைட்ராக்சில் என்ற மிகத் துடிப்பான துணுக்கு எப்போதும் சிறிதளவு இருக்கும். அது ஹைட்ரோகார்பனைத் தாக்கும்; அதில் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு பெராக்சி ரேடிக்கல் என்ற இன்னொரு துடிப்பான துணுக்கு உருவாகும். இந்த ரேடிக்கல் நைட்ரிக் ஆக்சைடைச் சந்தித்தால் அதற்கு ஓர் ஆக்சிஜனைக் கொடுத்து நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றிவிடுகிறது. மூன்றாவது வரியும் இதையேதான் செய்தது. ஆனால் அங்கே ஓசோன் செலவானது, இங்கே ஆகவில்லை. அப்புறம் அந்த நைட்ரஜன் டை ஆக்சைடை ஒளி மறுபடி உடைக்கிறது, புது ஓசோன் பிறக்கிறது. ஹைட்ராக்சிலும் கடைசியில் திரும்பக் கிடைத்துவிடுவதால் சுற்று தொடர்கிறது.

சூத்திரத்தில் வைத்துப் பாருங்கள். ஹைட்ரோகார்பன் உதவியால் NO2, NO விகிதம் பத்துக்கு ஒன்றாக மாறினால் ஓசோன் 200 பிபிபி. எரிபொருள் ஹைட்ரோகார்பன், வினையூக்கி நைட்ரஜன் ஆக்சைடு, அடுப்பு சூரியன்.

வெயில் வேண்டும், புரிகிறது. ஆனால் வெப்பம் எதற்கு? குளிர்காலத்திலும் பளிச்சென்று வெயில் அடிக்கிறதே?

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். ஒளியை வெப்பம் உண்டாக்குவதில்லை. நைட்ரஜன் டை ஆக்சைடு உடைவதும் வெப்பத்தை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. ஆனால் வெப்பம் வேறு வழிகளில் கைவைக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது, பெரும்பாலான கட்டுரைகள் தாண்டிப்போகும் பான் என்ற பொருள். முழுப்பெயர் பெராக்சி அசிட்டைல் நைட்ரேட். ஒளிவேதி மூட்டத்தில் கண் எரிவதற்கு இதுவும் ஃபார்மால்டிஹைடு போன்றவையும்தான் காரணம், ஓசோன் அல்ல.

பெராக்சி ரேடிக்கல்களில் ஒரு வகை நைட்ரஜன் டை ஆக்சைடோடு ஒட்டிக்கொண்டால் பான் உருவாகும். அதாவது ஓசோன் சமைக்க வேண்டிய இரண்டு பேரும் ஓர் அறைக்குள் பூட்டப்பட்ட மாதிரி. அந்தப் பூட்டு வெப்பத்தில்தான் திறக்கும். பூஜ்யம் டிகிரியில் பான் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். 25 டிகிரியில் முக்கால் மணி நேரம். 35 டிகிரியில் பத்து நிமிடத்திலேயே உடைந்து இரண்டையும் விடுவித்துவிடும். ஆகவே குளிர்நாளில் பூட்டிக் கிடக்கும் சரக்கு, வெப்பநாளில் அங்கேயே அப்போதே ஓசோனாகிறது.

அடுத்தது மரங்கள். தைலமரம், ஓக், மூங்கில் போன்றவை ஐசோபிரீன் என்ற ஆவியை விடுகின்றன. வினைபுரிவதில் அது பெட்ரோல் ஆவியின் பெரும்பாலான கூறுகளைவிட வேகமானது. இலையின் வெப்பம் 25இலிருந்து 35 டிகிரிக்கு ஏறினால் ஐசோபிரீன் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. மரம் நடாதீர்கள் என்று சொல்லவில்லை. நைட்ரஜன் ஆக்சைடு குறைவாக இருந்தால் இந்த ஐசோபிரீனால் பெரிய ஓசோன் தொல்லை வராது. பெட்ரோல் டேங்க், பங்க், பெயின்ட் ஆகியவற்றிலிருந்து ஆவியாவதும் வெப்பத்தில் கூடும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது, செலவுப் பக்கம். உருவான ஓசோனில் ஒரு பங்கை இலைகள் தங்கள் இலைத்துளை வழியாக உறிஞ்சிக்கொள்கின்றன. வறண்ட வெப்பத்தில் நீரைக் காப்பாற்ற அவை துளைகளை மூடிவிடும். வரவு கூடுகிறது, செலவு குறைகிறது. 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவை வெப்ப அலை வாட்டியபோது ஓசோனும் சேர்ந்து ஏறியதில் இந்த வறட்சிக்கும் பங்கு உண்டு. வெப்ப அலை என்றாலே மேகமில்லாத, காற்று தேங்கிய வானிலைதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் 45 டிகிரியில் ஓசோன் கட்டுக்கடங்காமல் போய்விடுமா?

அப்படி நேர்கோட்டில் ஏறுவதில்லை. 40 டிகிரியை ஒட்டி ஐசோபிரீன் உச்சத்தைத் தொட்டு, அதற்குமேல் இலைக்கே சேதமாகி இறங்குகிறது. பான் அவ்வளவு வெப்பத்தில் ஏற்கெனவே உடனுக்குடன் உடைந்துகொண்டிருப்பதால் அதிலிருந்து கூடுதலாக வரவும் எதுவும் இல்லை. கலிபோர்னியாவின் சில பகுதிகளில் 39 டிகிரிக்கு மேல் ஓசோன் ஏற்றம் தட்டையாவதை அளவீடுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். ஆபத்து குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஏற்கெனவே உயர்ந்த இடத்தில் போய் நிற்கிறது, அவ்வளவுதான்.

நெரிசலான நகர நடுவைவிட ஊருக்கு வெளியே ஓசோன் அதிகம் என்கிறார்கள். இது எப்படி?

மேலே சொன்ன மூன்றாவது வரிதான் பதில். வண்டிகள் புதிதாக விடும் நைட்ரிக் ஆக்சைடு, பக்கத்தில் இருக்கும் ஓசோனைத் தின்றுவிடுகிறது. சாலையோரத்து ஓசோன் குறைவாகக் காட்டுவது காற்று சுத்தம் என்பதால் அல்ல.

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கோடை நாளைப் பின்தொடர்ந்தால் தெளிவாகும். காலை 6 முதல் 9 வரை நெரிசலில் நைட்ரிக் ஆக்சைடு உச்சம். 9, 10 மணிக்கு அது நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறி, வானம் பழுப்பேறும். நண்பகலை ஒட்டி நடுநகரில் ஓசோன் உச்சம். ஆனால் கடற்காற்று அந்தக் கலவையைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போகிறது. வழியெல்லாம் சமையல் நடக்கிறது. ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ பக்கம் பிற்பகலில்தான் உச்சம் வரும், அது நடுநகரைவிட அதிகமாகவும் இருக்கும். அங்கிருப்பவர்கள் சுவாசிப்பது கடலோரத்துக்காரர்களின் காலைப் பயணத்தை.

வண்டிகள் குறைந்தால் ஓசோன் கூடும் என்று படித்தேன். பொய்தானே?

பொய்யில்லை, ஆனால் பாதிதான். லாஸ் ஏஞ்சலஸில் வார இறுதியில் டீசல் லாரிகள் குறையும். ஓசோனோ பல ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதலாகவே இருந்தது. 2020 ஊரடங்கில் இந்தியாவிலும் சீனாவிலும் ஐரோப்பாவிலும் பல நகரங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு சரிந்தபோது ஓசோன் சரியவில்லை, சில இடங்களில் ஏறவும் செய்தது.

காரணம் இரண்டு. ஓசோனைத் தின்னும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது என்பது ஒன்று. மற்றது, நைட்ரஜன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி இருக்கும்போது ஹைட்ராக்சிலோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி, அந்தத் துடிப்பான துணுக்கையே சுற்றிலிருந்து வெளியே எடுத்துவிடுகிறது. அதாவது அதிகப்படியான நைட்ரஜன் ஆக்சைடு அடுப்பை அணைத்துவைக்கிறது. அதைக் கொஞ்சம் குறைத்தால் அடுப்பு நன்றாகப் பற்றிக்கொள்ளும். இன்னும் நிறையக் குறைத்தால்தான் எரிய வழியில்லாமல் போகும். எனவே அரைகுறைக் கட்டுப்பாட்டில் ஓசோன் ஏறுவதைக் காட்டி, கட்டுப்பாடே வீண் என்று வாதிடுவது சரியல்ல. இப்படிப்பட்ட நகரங்களில் ஹைட்ரோகார்பனையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் செய்ததும் அதுதான். கார் புகையில் எரியாமல் வரும் ஹைட்ரோகார்பனை அழிக்கும் வினையூக்கி மாற்றி என்ற கருவி 1975 மாடல் கார்களிலிருந்து வந்தது பெரிய திருப்பம்.

டெல்லியில் நவம்பரில் வருவது எந்த வகை? சென்னையின் போகிப் புகை?

இரண்டும் அடிப்படையில் குளிர்கால வகை. குளிர்ந்த தரை, தாழ்ந்த மூடி, நேரடியாக வரும் நுண்துகள். டெல்லியில் நிலக்கரி சல்பர் மட்டுமல்ல, வைக்கோல் எரிப்பு, வாகனம், தூசி எல்லாம் கலந்திருப்பதால் அது லண்டனின் அச்சுப்பிரதி அல்ல. போகி நாள் அதிகாலையில் சென்னை விமான நிலையத்தில் பார்வைத் தூரம் குறைந்து விமானங்கள் தாமதமாவதும், வெயில் ஏறியதும் தெளிவதும் மூடி உடையும் கதைதான். அதே டெல்லியில் ஏப்ரல், மே, ஜூனில் ஓசோன் தலைதூக்கும். வானம் கொஞ்சம் தெளிவாக இருப்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

மேலே ஓசோன் குறைகிறது, கீழே கூடுகிறது. கீழே இருப்பதை மேலே அனுப்பினால் என்ன?

மேலே உள்ள ஓசோன் படலத்தோடு ஒப்பிட்டால் கீழே இருப்பது அளவில் மிகச் சொற்பம். அதோடு, அது மேலே போய்ச் சேருமுன் வினைபுரிந்து அழிந்துவிடும். மூலக்கூறு ஒன்றே, மேலே அது புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது, கீழே நுரையீரலை அரிக்கிறது.

முகக்கவசம் போட்டால் தப்பிக்கலாமா? நடைப்பயிற்சி எப்போது போகலாம்?

என்95 துகளைத் தடுக்கும். ஓசோன் வாயு, அது உள்ளே வந்துவிடும். எனவே குளிர்கால மூட்டத்துக்கு உதவுகிற கவசம் இங்கே உதவாது.

நேரம்தான் கைகொடுக்கும், அதுவும் தலைகீழாக. குளிர்கால மூட்டத்தில் அதிகாலை மோசம், மதியம் பரவாயில்லை. ஓசோன் நாளில் அதிகாலை நல்லது. நண்பகல் முதல் மாலை 5, 6 மணி வரை ஓட்டம், கிரிக்கெட் எல்லாம் தவிர்ப்பது நல்லது. வேகமாக மூச்சு வாங்கும்போது ஓசோன் நுரையீரலின் ஆழம் வரை போகும். ஆஸ்துமா இருப்பவர்களும் குழந்தைகளும் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். கதவு, ஜன்னலை மூடிய வீட்டுக்குள் ஓசோன் கணிசமாகக் குறைந்திருக்கும், ஏனென்றால் சுவர், துணி, தோல் எல்லாவற்றின் மேலும் பட்டு அது அழிகிறது.

எங்கள் ஊரில் இன்று எந்த வகை மூட்டம் என்று நானே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். காற்றுத்தரக் குறியீட்டின் ஒற்றை எண்ணைப் பார்க்காதீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் நிலையம் வாரியாக மணிக்கணக்கு அளவுகள் கிடைக்கும். ஒரே நாளின் ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு, பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் மூன்றையும் வரைபடமாக எடுங்கள்.

பிஎம் 2.5 இரவிலும் காலையிலும் ஏறி மதியம் இறங்கினால் குளிர்கால வகை. நைட்ரஜன் டை ஆக்சைடு காலையில் ஏறி இறங்க, அதன்பின் ஓசோன் திமில்போல எழுந்து பிற்பகலில் உச்சம் தொட்டு, இருட்டியதும் சரிந்தால் ஒளிவேதி வகை. இந்தியத் தரநிலைப்படி ஓசோனின் எட்டு மணி நேரச் சராசரிக்கு வரம்பு ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம், அதாவது சுமார் 50 பிபிபி. ஆகவே நாள் முழுவதற்குமான சராசரியைப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். இரவின் தாழ்ந்த அளவுகள் பிற்பகல் உச்சத்தை மறைத்துவிடும்.

நகரத்து நிலையம் ஒன்றில் ஓசோன் இரவும் பகலும் ஒரே கோடாக ஓடினால் கருவியைச் சந்தேகப்படுங்கள். மலையுச்சி நிலையமாக இருந்தால் மட்டும் அது இயல்பு: இரவில் ஓசோனைத் தின்ன அங்கே வண்டிப் புகை கிடையாது.